பழைய தலைமுறை சிப்பா, புதியதா? முழு பில்லை வைத்துக் கணக்குப் போடுங்கள்

அக்கா மகன் இரண்டு கொட்டேஷன்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். ஒன்றில் ஏஎம்டி ரைசன் 5 7600, மற்றொன்றில் ரைசன் 5 9600எக்ஸ். மற்ற பாகங்கள் எல்லாம் ஒன்றுதான். "நாலாயிரம்தான் மாமா வித்தியாசம், புதுசையே எடுத்துடவா?" என்று கேட்டான். கல்லூரிப் பையன், விளையாடத்தான் கம்ப்யூட்டர். கூடக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வேகம் கிடைக்கிறதா என்பதுதான் அவனுக்கு முக்கியம்.

இந்த இரண்டு சிப்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 7600 வந்தது 2023 ஜனவரியில், 9600எக்ஸ் 2024 ஆகஸ்டில். இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். இரண்டுக்கும் அதே ஏஎம்5 சாக்கெட், அதே டிடிஆர்5 ரேம். உச்ச வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5.4 ஆகியிருக்கிறது. உள்ளே கோரின் வடிவமைப்பும் மாறியிருக்கிறது. ஆனால் விளையாட்டுகளில் இதனால் கிடைப்பது சராசரியாக ஒற்றை இலக்கச் சதவீதம்தான். ஏவிஎக்ஸ்-512 கட்டளைகளைப் பயன்படுத்தும் சில கனமான கணக்கீடுகளில் புதியது நன்றாகவே முந்தும். அப்படிப்பட்ட வேலை உங்களுக்கு இருந்தால் அது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கொட்டேஷனில் கண்ணில் படாத ஒரு செலவும் உண்டு. 7600 பெட்டிக்குள் கூலர் வருகிறது, 9600எக்ஸ் பெட்டியில் வராது. அக்கா மகன் சொன்ன நாலாயிரத்தோடு கூலருக்கு இரண்டாயிரம் சேர்த்தால், உண்மையான வித்தியாசம் ஆறாயிரம்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் சிப் விலையை மட்டும் வைத்து வகுத்துப் பார்ப்பார்கள். கணக்குக்காக 7600 பதினாறாயிரம் என்று வைத்துக்கொள்வோம். கூலரோடு 9600எக்ஸ் இருபத்திரண்டாயிரம். விலை 37.5 சதவீதம் கூட, வேகம் 6 சதவீதம் கூட. பழையதே மேல் என்று முடித்துவிடத் தோன்றும். இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. சிப்பை மட்டும் வாங்கி யாரும் விளையாடுவதில்லை. போர்டு, ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கிராபிக்ஸ் கார்டு எல்லாம் சேர்ந்தால்தான் அந்த வேகம் கைக்கு வரும். அதனால் வகுக்க வேண்டியது மொத்த பில்லை.

7600 போட்ட முழு கம்ப்யூட்டர் 70,000 ரூபாய் என்றால், அதில் 6 சதவீதம் 4,200 ரூபாய். அதாவது, அந்தக் கூடுதல் வேகம் முழுதும் கிடைத்தால்கூட அதன் மதிப்பு 4,200 ரூபாய்தான். கேட்பதோ ஆறாயிரம், ஆகவே பழையது ஜெயிக்கிறது. ஆனால் முன்பு தெரிந்த அளவுக்குப் பெரிய வெற்றி இல்லை. கடைக்காரர் விலையைக் குறைத்து, கூலரையும் சேர்த்து வித்தியாசம் நாலாயிரத்துக்குள் வந்தால் முடிவு புரண்டுவிடும். ஒன்றரை லட்சத்துக்குக் கம்ப்யூட்டர் போடுகிறவருக்கு அதே 6 சதவீதம் 9,000 ரூபாய். அவர் ஆறாயிரம் கொடுத்துப் புதியதை வாங்குவது நியாயம்தான். சல்லிசான மெஷினுக்குப் பழைய சிப்பும் விலை உயர்ந்த மெஷினுக்குப் புதிய சிப்பும் பொருந்துவது பந்தாவுக்காக அல்ல, இந்த வகுத்தலால்.

இதெல்லாம் அந்த 6 சதவீதம் உண்மையிலேயே கிடைத்தால்தான். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எது எங்கே இருக்கிறது, எது நகர்கிறது என்று ப்ராசசர் கணக்குப் போட்டுத் தருகிறது, கிராபிக்ஸ் கார்டு அதை வரைகிறது. இரண்டில் மெதுவாக இருப்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். ப்ராசசர்களை ஒப்பிட்டுச் சோதிப்பவர்கள் சந்தையிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டைப் போட்டு, 1080பி திரையில் ஓட்டுவார்கள். கார்டு தடையாக நிற்கக் கூடாது, ப்ராசசர் வித்தியாசம் மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காக. சோதனைக்கு அதுதான் சரியான முறை. ஆனால் நடுத்தர கார்டு வைத்து 1440பி திரையில் விளையாடுகிறவருக்கு அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விடும், சில விளையாட்டுகளில் ஒரு ஃபிரேம்கூட அதிகமாகாது.

கையில் இப்போது ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் இதை ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம். வழக்கமாக ஆடும் விளையாட்டைத் திறந்து ரெசல்யூஷனை ஒரு படி குறையுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை எகிறினால் இதுவரை தடையாக நின்றது கார்டு. அசையாமல் அப்படியே நின்றால் தடை ப்ராசசர். டாஸ்க் மேனேஜரில் ப்ராசசர் 40 சதவீதம்தான் ஓடுகிறது என்று பார்த்து ஏமாற வேண்டாம். அது எல்லாக் கோர்களின் சராசரி. விளையாட்டின் முக்கிய வேலை ஒரே ஒரு த்ரெட்டில் மூச்சுமுட்டிக்கொண்டிருக்கும்போதும் சராசரி குறைவாகத்தான் காட்டும். பார்க்க வேண்டியது கார்டின் எண்ணை. ஃபிரேமுக்கு எந்த வரம்பும் வைக்காத நிலையில் அது 97, 98 என்று நின்றால், ப்ராசசருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்.

அக்கா மகன் கேட்ட விஷயத்தில் இதுவே போதுமானதாக இருந்தது. ஆறாயிரத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடச் சொன்னேன். அந்தப் பட்ஜெட்டில் ஆறாயிரம் கூட வைத்தால் பல சமயம் கார்டில் ஒரு படி மேலே போய்விடலாம்.

அவன் நண்பனின் நிலைமை வேறு. அவனிடம் பி450 போர்டும் டிடிஆர்4 ரேமும் பழைய ரைசன் 2600-உம் இருக்கின்றன. ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600 வந்தது 2022 ஏப்ரலில். இன்றைய கணக்கில் அது இரண்டு தலைமுறை பழசு. இருந்தாலும் அவனுக்குச் சிப்பை மட்டும் மாற்றினால் போதும். புதிய சிப்புக்குப் போனால் போர்டையும் ரேமையும் சேர்த்து மாற்ற வேண்டும். 2025 இறுதியில் ரேம் விலை ஏறிய பிறகு இந்த இடைவெளி இன்னும் பெரிதாகிவிட்டது. ஒன்று மட்டும் கவனம்: பழைய சிப் போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். கழற்றிவிட்டு 5600-ஐப் பொருத்திய பிறகு திரை கறுப்பாக நின்றால், பழையதைத் திரும்ப மாட்ட வேண்டியதுதான். 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் படமே வராது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பயாஸ் தொல்லை புதிய சிப் வாங்குகிறவர்களுக்கும் உண்டு. கடையில் நாள்பட்டுக் கிடந்த பி650 போர்டு, 2024 ஆகஸ்டுக்கு முன் தயாரானதாக இருந்தால் 9600எக்ஸை அடையாளம் தெரியாமல் முழிக்கலாம். 7600-க்கு அந்தப் பயம் இல்லை.

தள்ளுபடி கீழே போய்க்கொண்டே இருக்கும் என்று காத்திருப்பதும் சில சமயம் கையைச் சுடும். புதிய தலைமுறை வந்ததும் பழையதன் விலை இறங்கும், ஸ்டாக் தீரத் தீர மறுபடி ஏறும். 2024-இல் 7800எக்ஸ்3டி சிப்புக்கு இதுதான் நடந்தது. ஆண்டின் நடுவில் மலிவாகக் கிடைத்தது, அக்டோபர் வாக்கில் தட்டுப்பாட்டில் விலை எகிறியது. அதனால் கொட்டேஷன் ஒரு மாதப் பழசானால் மேலே போட்ட கணக்கை அன்றைய விலையில் மறுபடி போட வேண்டும். வேக வித்தியாசத்தின் சதவீதம் மாறாது, ரூபாய் மாறும்.

பில் போடும்போது பெட்டியோடு வருகிறதா, டிரே பேக்கா என்று கேளுங்கள். டிரேயில் கூலர் இருக்காது, வாரண்டியும் வேறு மாதிரி இருக்கலாம். இந்த இரண்டுக்கும் முன்னால் அக்கா மகனுக்கு வந்த முதல் கொட்டேஷனில் 7600-க்கு நேராகச் சின்ன எழுத்தில் டிரே என்றுதான் போட்டிருந்தது. கேட்டதும் பெட்டியோடு தருகிறேன் என்று விலையை அறுநூறு ரூபாய் ஏற்றினார்கள். கூலர் இரண்டாயிரம் என்பதால் அதை உடனே ஒத்துக்கொண்டான்.