கொத்தமல்லியில் முன்கூட்டிய பூத்தண்டு எழுச்சி

முன்கூட்டிய பூத்தண்டு எழுச்சி என்பது, இலைக்காக வளர்க்கப்படும் செடி போதிய இலை தருவதற்கு முன்பே நடுத்தண்டை நீட்டிப் பூக்கத் தொடங்குவதாகும். தோட்டக்கலையில் இது போல்ட்டிங் என்று அழைக்கப்படுகிறது. தொட்டியில் வளரும் கொத்தமல்லியில் கோடைக்காலத்தில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. திருநீற்றுப்பச்சைச் செடியும் வெப்பத்தில் விரைந்து பூக்கும். பூத்தண்டைக் கிள்ளி விடுவதே இரண்டிற்கும் தீர்வு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இம்முறை திருநீற்றுப்பச்சையில் நன்கு பயன் தருகிறது. கொத்தமல்லியில் மிகச் சிறிதளவே பயன் தருகிறது. இரு செடிகளின் உடலமைப்பில் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம் ஆகும்.

காரணங்கள்

கொத்தமல்லி ஓராண்டுக்கும் குறைந்த வாழ்நாள் கொண்ட செடி. இளமையில் அதன் தண்டு மிகக் குட்டையாக இருக்கும். இலைகள் அனைத்தும் மண்மட்டத்தில் ஒரு கொத்தாக எழும். சமையலுக்குப் பறிக்கப்படும் அகன்ற இலைகள் இவையே. பூக்கும் பருவம் வந்ததும் ஜிப்பரெலின் என்னும் வளரூக்கியின் செயலால் கணுவிடைகள் நீண்டு நடுத்தண்டு மேலெழுகிறது.

பகல்பொழுது நீள்வதும் வெப்பநிலை உயர்வதும் இம்மாற்றத்தை விரைவுபடுத்துகின்றன. குளிர்நாடுகளில் கோடைப் பகல் மிக நீண்டது என்பதால் அங்கே பகல்நீளத்தின் பங்கு பெரிது. திருப்பூர் மாவட்டத்தில் உள்ள அவிநாசி ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. இங்கு சூன் மாதப் பகல் ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம்; திசம்பர் மாதப் பகல் ஏறத்தாழ 11 மணி 30 நிமிடம். இடைவெளி சிறிதாகையால், இங்கு பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறுவது வெப்பமே. மார்ச்சு முதல் மே வரை பகல் வெப்பநிலை 35 பாகை செல்சியசை ஒட்டியோ அதைத் தாண்டியோ செல்கிறது.

தொட்டி இவ்விளைவைப் பெருக்குகிறது. மொட்டை மாடியில் வைக்கப்பட்ட தொட்டி, கீழே காரைத் தளத்திலிருந்தும் பக்கங்களில் நேர் வெயிலிலிருந்தும் சூடேறுகிறது. மண் குறைவாதலால் நண்பகலுக்குள் ஈரம் வற்றுகிறது. கொத்தமல்லியின் ஆணிவேர் இறங்க ஆழம் இல்லாவிட்டாலும், நாற்றாகப் பிடுங்கி நட்டு வேர் அறுந்தாலும், செடி நெருக்கடிக்கு உள்ளாகி விரைந்து விதை தர முற்படும்.

விதையும் ஒரு காரணம் ஆகும். மளிகைக் கடையில் விற்கப்படும் மல்லி, பெரும்பாலும் விதை மகசூலுக்காகப் பயிரிடப்படும் வகைகளைச் சேர்ந்தது. இவ்வகைகள் விரைவில் பூப்பவை.

அறிகுறிகள்

பூத்தண்டு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இலைகள் மாறத் தொடங்கும். புதிதாக வரும் இலைகள் அகன்ற மடல்களை இழந்து, வெந்தயக்கீரை போன்று அல்லாமல், சோம்புச் செடியின் இலையைப் போல மெல்லிய இழைகளாகப் பிளவுபடும். அதன் பின் கொத்தின் நடுவில் ஒரு தண்டு மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கும். இந்த நிலையில் அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கும். மணமும் சுவையும் மாறும்.

கிள்ளுதல்: இரு செடிகளின் வேறுபாடு

திருநீற்றுப்பச்சையின் விதையே சப்சா விதை எனப்படுகிறது. துளசிக்கு இனமான இச்செடியின் தண்டில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும்; ஒவ்வோர் இலைக்காம்பின் கக்கத்திலும் ஒரு மொட்டு உறங்கும். நுனியில் உருவாகும் ஆக்சின் என்னும் வளரூக்கி அம்மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளியதும் அடக்கம் நீங்கி, வெட்டுக்குக் கீழுள்ள இரு மொட்டுகளும் இலையுள்ள கிளைகளாக வளர்கின்றன.

கொத்தமல்லியில் நிலை வேறு. பயன்படும் இலைகள் அடிக்கொத்தில் உள்ளன, பூத்தண்டில் இல்லை. பூக்கத் தூண்டும் சைகை ஏற்கெனவே செடி முழுவதும் பரவியிருக்கும். எனவே நடுத்தண்டைக் கிள்ளினால் அதன் கக்கங்களிலிருந்து வரும் கிளைகளும் இழையிலைகளைத் தாங்கி, குடை போன்ற பூங்கொத்தில் முடிகின்றன. தண்டு விரல் உயரம் இருக்கும்போதே அடியோடு வெட்டினால், உள்ள இலைகளைச் சில நாட்கள் கூடுதலாகப் பறிக்கலாம். புதிய அகன்ற இலைகள் பெரும்பாலும் வருவதில்லை.

எடுத்துக்காட்டு

அவிநாசியில் ஏப்பிரல் முதல் நாள், மாடியில் முழு வெயிலில், 25 செ.மீ. வாயகலம் உள்ள ஒரு தொட்டியில் கொத்தமல்லி விதைக்கப்படுவதாகக் கொள்வோம். ஏறத்தாழ 10 நாட்களில் முளைக்கும். 30 நாட்களில் நான்கைந்து இலைகள் இருக்கும். 35 ஆம் நாளை ஒட்டி நடுத்தண்டு எழக்கூடும். ஒரு முறை பறிப்பதற்கே இலை கிடைக்கும். பூத்தண்டைக் கிள்ளிக்கொண்டு மேலும் இரண்டு, மூன்று வாரம் காத்திருப்பவர், அத்தொட்டியில் அடுத்த விதைப்பு பாதி வளர்ந்திருக்கக்கூடிய காலத்தை இழக்கிறார்.

அதே மாடியில் திருநீற்றுப்பச்சைச் செடி 15 செ.மீ. உயர்ந்து நான்கு இலை இணைகள் கொண்டதும், இரண்டாம் இணைக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். ஒரு நுனி இரண்டாகும். இரு வாரம் கழித்து ஒவ்வொரு கிளையையும் அவ்வாறே வெட்ட நான்காகும். மூன்றாம் முறை எட்டாகும். பூக்களை மட்டும் கிள்ளுவது போதாது. பூங்கதிரோடு அதன் கீழுள்ள ஓர் இலை இணையையும் சேர்த்து வெட்டினால்தான் வலுவான கிளை வரும். வெட்டிய பின் ஒவ்வொரு கிளையிலும் ஓர் இணையாவது எஞ்சியிருக்க வேண்டும்.

கொத்தமல்லிக்கு ஏற்ற முறைகள்

கொத்தமல்லியில் இலைக்காலத்தை நீட்டிக்கும் வழி, தொடர் விதைப்பே ஆகும். மூன்று தொட்டிகளை வைத்து இரு வாரத்திற்கு ஒன்றாக விதைத்தால், ஒன்று பூக்கும்போது அடுத்தது பறிப்புக்கு வரும். ஒரு மல்லிமணி இரண்டு விதைகள் சேர்ந்தது. அதைத் தரையில் பரப்பி, கட்டையால் மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஒரு செ.மீ. ஆழத்தில் நேரடியாக விதைக்க வேண்டும். தொட்டி குறைந்தது 20 செ.மீ. ஆழம் இருத்தல் நன்று.

கோடையில் காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்திலோ, 50 விழுக்காடு நிழல்வலையின் கீழோ தொட்டியை வைக்கலாம். தொட்டியைத் தரையிலிருந்து செங்கல்லின் மேல் உயர்த்துவதும், இப்பகுதியில் எளிதில் கிடைக்கும் பருத்திப் பனியன் துணிக் கழிவைப் புறத்தே சுற்றி நனைத்து வைப்பதும் மண்சூட்டைக் குறைக்கும். ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்வதே இதன் அடிப்படை. சாயத்துணி இதற்கு ஏற்றதன்று.

வரம்புகள்

நிழலும் நீரும் பூப்பைத் தள்ளிப்போடுமே தவிர, நிறுத்தா. தமிழ்நாட்டில் மல்லி இறவைப் பயிராகச் சூன், சூலை மாதங்களிலும், மானாவாரியாக அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் விதைக்கப்படுகிறது. அவிநாசி வீடுகளிலும் ஐப்பசி முதல் தை வரையான விதைப்பில் ஒரே தொட்டியிலிருந்து பலமுறை இலை பறிக்கலாம்.

பூத்த செடியை வீணாகக் கருத வேண்டியதில்லை. அதன் பூக்களுக்குத் தேனீக்கள் வரும். பச்சைக் காய்களும் உலர்ந்த விதைகளும் சமையலுக்கு உதவும். ஆயினும் அடுத்த விதைப்புக்கு, முதலில் பூத்த செடியின் விதையைச் சேமிக்கலாகாது. கடைசியாகப் பூத்த செடியிலிருந்து விதை எடுத்து வந்தால், சில தலைமுறைகளில் தாமதமாகப் பூக்கும் செடிகள் மிகுதியாகக் கிடைக்க வாய்ப்புண்டு.