கட்டுவிரியனா, இல்லையா? படம் பார்த்துச் சொல்வதன் அளவு

புகைப்படத்தைப் பார்த்துச் சொல்லும் கருத்து, பொருளைப் பற்றியது போலத் தோன்றினாலும் உண்மையில் படத்தில் பதிந்ததைப் பற்றியது மட்டுமே. கையில் எடுத்துப் பார்ப்பவர் பொருளைத் திருப்பலாம், எடை போடலாம், வெளிச்சத்தை மாற்றலாம். படம் பார்ப்பவரால் இவை எதுவும் முடியாது. அதனால் அவர் ‘இது இன்னது’ என்று முடிவை மட்டும் சொன்னால் கருத்து முழுமையாகாது. எவ்வளவு உறுதியோடு சொல்கிறார் என்பதும் அதில் இருக்க வேண்டும். அதற்கு மூன்று சொற்கள் போதும்: வாய்ப்பு அதிகம், வாய்ப்பு குறைவு, சொல்ல முடியாது. இவற்றை எங்கே, எதை வைத்துப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு, வீட்டுக்குள் வந்த பாம்பின் கைப்பேசிப் படம் நல்ல எடுத்துக்காட்டு.

தமிழ்நாட்டில் இப்படி வரும் படங்களில் அதிகம் குழப்புபவை இரண்டு பாம்புகள். ஒன்று கட்டுவிரியன், இந்தியாவில் கொடிய நஞ்சுள்ள நான்கு முக்கியப் பாம்புகளில் ஒன்று. மற்றது வெள்ளிக்கோல் வரையன் எனப்படும் ஓநாய்ப் பாம்பு. மனிதருக்குத் தீங்கான நஞ்சு இல்லாதது, வீட்டுச் சுவரில் ஏறிப் பல்லி பிடிப்பது. இரண்டுக்கும் கருமையான உடலில் வெள்ளைக் குறுக்குப் பட்டைகள் உண்டு. இரண்டுமே இரவில் நடமாடுபவை.

எந்த அடையாளம் எவ்வளவு பேசும்

இரண்டையும் பிரிக்கும் அடையாளங்கள் ஒரே எடை உள்ளவை அல்ல. மிக உறுதியானது முதுகின் நடுவரிசைச் செதில். கட்டுவிரியனுக்கு முதுகெலும்பின் மேல் ஓடும் அந்த ஒரு வரிசை மட்டும் பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக, அறுகோண வடிவில் இருக்கும். ஓநாய்ப் பாம்புக்கு அந்த வரிசையும் மற்றவை போன்ற அளவிலேயே இருக்கும். இது வயதாலோ வெளிச்சத்தாலோ மாறாது. ஆனால் கைப்பேசிப் படத்தில் இது அரிதாகவே தெளிவாக விழும்.

அடுத்தது பட்டைகளின் அமைப்பு. வளர்ந்த கட்டுவிரியனின் கழுத்திலும் உடலின் முன்பகுதியிலும் பட்டை பெரும்பாலும் இருக்காது, அல்லது மங்கலாக இருக்கும். சற்றுத் தள்ளித் தொடங்கும் மெல்லிய கோடுகள் பலவிடங்களில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, வால் பக்கம் போகப் போகத் தெளிவாகும். ஓநாய்ப் பாம்பில் இது தலைகீழ். பட்டை கழுத்திலேயே அகலமாகத் தொடங்கி, வாலை நோக்கி மங்கிக்கொண்டு போகும். இது நல்ல அடையாளம் என்றாலும் விலக்குகள் உண்டு. குட்டிக் கட்டுவிரியனுக்கு முன்பகுதியிலும் வெண்புள்ளிகளோ பட்டைகளோ இருக்கலாம். வயதான சிலவற்றில் பட்டைகள் ஏறக்குறைய மறைந்தே போகும்.

கடைசியில் வருவது நிறம். கட்டுவிரியன் பளபளக்கும் கருமை அல்லது நீலங்கலந்த கருமை, ஓநாய்ப் பாம்பு பழுப்பு என்பது பொது விதி. ஆனால் ஃபிளாஷ் வெளிச்சம் பழுப்பைக் கருப்பாகவும் காட்டும், கருப்பைச் சாம்பலாகவும் காட்டும். படத்தில் நிறத்தை மட்டும் நம்பிச் சொல்லும் கருத்துக்கு மதிப்பு மிகக் குறைவு.

மூன்று சொற்கள், மூன்று பொருள்

முதல் படம். விறகுக் குவியலின் அடியில் தலையை நுழைத்துக்கொண்ட பாம்பு; நடு உடலும் வாலும் தெரிகின்றன. நடு உடலில் மெல்லிய வெண்கோடுகள் இரண்டிரண்டாக உள்ளன. வால்வரை அவை மங்கவில்லை. முதுகில் ஃபிளாஷ் தெறித்திருப்பதால் செதில் தெரியவில்லை. இங்கே தகுந்த கருத்து: “கட்டுவிரியனாக இருக்க வாய்ப்பு அதிகம். கோடுகள் இரட்டையாக இருப்பதும் வால்பக்கம் தெளிவாக இருப்பதும் காரணம். கழுத்தும் முதுகுச் செதிலும் படத்தில் இல்லை.” உறுதியாக ‘ஆம்’ என்று சொல்லாததற்குக் காரணம், மிக வலுவான அடையாளம் இன்னும் பார்க்கப்படவில்லை என்பதே.

இரண்டாவது படம். சுவரில் ஏறும் பாம்பின் முன்பாதி. கழுத்திலேயே அகலமான வெளிர்ப் பட்டை இருக்கிறது. முதுகின் நடுவரிசை கூர்மையாகப் பதிந்திருக்கிறது. பக்கத்துச் செதில்களுக்கும் அதற்கும் அளவில் வேறுபாடு இல்லை. இங்கே “கட்டுவிரியனாக இருக்க வாய்ப்பு குறைவு” என்று சொல்லலாம். தேடிய அடையாளம் இருக்க வேண்டிய இடம் தெளிவாகத் தெரிகிறது. அங்கே அது இல்லை.

மூன்றாவது படம். கதவிடுக்கில் மறையும் வால், அசைந்துபோன படம், வெளிர்க் கோடு ஒன்றிரண்டு. இதற்கு ஒரே பதில் “இந்தப் படத்தில் சொல்ல முடியாது” என்பதே. முதுகுச் செதில் இங்கேயும் காணப்படவில்லைதான். ஆனால் இரண்டாவது படத்தில் பார்த்தும் அது இல்லை. மூன்றாவதில் பார்க்கவே வழியில்லை. ‘இல்லை’ என்பதையும் ‘தெரியவில்லை’ என்பதையும் ஒன்றாக்கிவிடுவதுதான் படம் பார்த்துச் சொல்லும் கருத்துகளில் அடிக்கடி நேரும் பிழை. பெரிய செதில் தெரியாத மங்கலான படத்தைப் பார்த்து, ‘செதில் பெரிதாக இல்லை, ஆகவே கட்டுவிரியன் இல்லை’ என்று சொல்வது இந்த வகை.

‘சொல்ல முடியாது’ என்பது பாதிக்குப் பாதி என்பதும் அல்ல. அடையாளங்கள் தெளிவாகத் தெரிந்து, சில ஒரு பக்கமும் சில மறுபக்கமும் இழுத்தால் அது சரிபாதி வாய்ப்பு. அதை அப்படியே சொல்லலாம். சொல்ல முடியாது என்பது, எடைபோடவே சான்று இல்லை என்ற அறிவிப்பு. அதனால் அதோடு எப்போதும் இன்னொரு வாக்கியம் சேர வேண்டும்: எது தெரிந்தால் சொல்ல முடியும் என்பது. “பாம்பு இன்னும் அங்கேயே இருந்தால், விலகி நின்று, முதுகின் நடுப்பகுதி தெரியும்படி பெரிதாக்கி எடுத்த படம் வேண்டும், அருகே போக வேண்டாம்” என்று கேட்பது அப்படிப்பட்டது.

கேள்வி மாறினால் சொல்லும் மாறலாம். ஒரே படத்தில் இனம் எது என்று சொல்ல முடியாமல் இருக்கலாம். ஆனால் அது கட்டுவிரியன் அல்ல என்பதற்கு வாய்ப்பு அதிகமாக இருக்கலாம். வெண்பட்டை உள்ள ஓநாய்ப் பாம்பினங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. அவற்றுள் எது என்று தெரியாமலேயே இதைச் சொல்ல முடியும். ஆகவே உறுதியின் அளவை ஒவ்வொரு கூற்றுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், முழுக் கருத்துக்கும் சேர்த்து ஒரே முத்திரையாகக் குத்தக் கூடாது.

சொல்லுக்கு அளவு ஏன் வேண்டும்

உறுதியைக் குறிக்கும் சொற்களை ஆளுக்கு ஆள் வேறுவிதமாகப் புரிந்துகொள்வார்கள். இதை ஆராய்ந்து எழுதியவர்களில் முன்னோடி அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.வில் மதிப்பீட்டுப் பிரிவின் தலைவராக இருந்த ஷெர்மன் கென்ட். சோவியத் அணி யூகோஸ்லாவியாவைத் தாக்குவதை ‘கருத்தில் கொள்ள வேண்டிய வாய்ப்பு’ என்ற பொருளில் 1951இல் ஓர் அறிக்கை குறிப்பிட்டது. அந்தச் சொல்லை எழுதியவர்களிடமே பின்னர் கேட்டபோது, ஒருவர் நூற்றுக்கு 20 என்றும் இன்னொருவர் 80 என்றும் மனத்தில் வைத்திருந்தது தெரிந்தது. எல்லோரும் ஒரே சொல்லுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள், ஒரே பொருளுக்கு அல்ல. 1964இல் கென்ட் எழுதிய கட்டுரை ஒரு வான்வழிப் படத்தோடுதான் தொடங்குகிறது. இங்கே ஒரு விமானத்தளம் இருக்கிறது என்பது படத்தில் நேரே தெரிவது. அது ராணுவத் தளம் என்பது கிட்டத்தட்ட உறுதியான ஊகம். இந்த இரண்டு வகை வாக்கியங்களையும் கேட்பவர் பிரித்தறியும்படி சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம்.

இன்று காலநிலை மாற்றம் குறித்த ஐ.பி.சி.சி. அறிக்கைகள் இதற்கு அளவே வகுத்திருக்கின்றன. அவற்றில் ‘வாய்ப்பு அதிகம்’ என்றால் 66 சதவீதமோ அதற்கு மேலோ. ‘வாய்ப்பு குறைவு’ என்றால் 33 சதவீதமோ அதற்குக் கீழோ. பாம்புப் படத்துக்குச் சதவீதம் எழுதத் தேவையில்லை. எழுதினால் இல்லாத துல்லியம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் பார்ப்பவர் மனத்தில் ஓர் அளவு நிலையாக இருக்க வேண்டும். இதே அளவு சான்றுள்ள படங்கள் மூன்று வந்தால், குறைந்தது இரண்டிலாவது கருத்து சரியாக இருக்கும் என்று நம்பினால்தான் ‘வாய்ப்பு அதிகம்’ என்று சொல்லலாம். மற்றவர்களோடு சேர்ந்து பார்க்கும்போது இன்னொரு கவனமும் தேவை. ஒருவர் சொன்னதைக் கேட்டு நான்கு பேர் ஆமோதித்தால் அது ஐந்து கருத்து ஆகாது. சான்று அதே ஒரு படம்தான்.

கருத்து வேறு, நடவடிக்கை வேறு

அளவைத் திறந்து சொல்வதற்கு இன்னொரு காரணம், படத்தைக் காட்டியவர் அடுத்துச் செய்யப்போகும் காரியம். ‘வாய்ப்பு குறைவு’ என்பதற்கு ‘ஆபத்து இல்லை’ என்று பொருளில்லை. மூன்றில் ஒன்றுவரை தவறாகப் போகக்கூடிய கருத்தை நம்பிப் பாம்பைக் கையால் பிடிப்பது அறிவுடைமை ஆகாது. தவறினால் இழப்பு பெரிது என்கிற இடத்தில், குறைந்த வாய்ப்பையும் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆகவே நல்ல கருத்து இரண்டு பகுதியாக இருக்கும்: படம் என்ன காட்டுகிறது, அதற்கு ஏற்ப என்ன செய்யலாம். இந்த இரண்டாவது பகுதிக்காக முதல் பகுதியை வளைக்கக் கூடாது. எச்சரிக்கைக்காக எல்லாப் பட்டைப் பாம்பையும் ‘கட்டுவிரியன்’ என்றே சொல்பவரின் சொல்லை யாரும் நம்பமாட்டார்கள். தீங்கற்ற பாம்புகளும் அதனால் அடிபட்டுச் சாகும்.

கடிபட்டவர் இருந்தால், படக் கருத்தின் இடம் மேலும் சுருங்குகிறது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குபவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். பல மணி நேரம் கழித்து வயிற்றுவலி, கண்ணிமை சரிதல், மூச்சுத் திணறல் வரலாம். வலி இல்லை என்பதும் ‘வாய்ப்பு குறைவு’ என்ற படக் கருத்தும் சேர்ந்தால், வீட்டிலேயே இருந்துவிடத் தோன்றும். அதுவே உயிருக்கு ஆபத்தான முடிவு. மருத்துவமனையில் சிகிச்சையைத் தீர்மானிப்பது உடலில் தெரியும் அறிகுறிகளும், ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்ற சோதனையும். அறிகுறி இல்லாதவரையும் 24 மணி நேரம் கண்காணிப்பில் வைப்பார்கள். இந்தியாவில் தரப்படும் நஞ்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது; இவற்றுள் எது கடித்தது என்று தெரியாமலேயே அதைக் கொடுக்க முடியும். எனவே பாம்பைப் படம் எடுக்கவோ, படத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்கவோ நேரம் செலவிடாமல், கடிபட்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.