அறையும் சேர்ந்துதான் பதிவாகிறது

ஏழாம் அத்தியாயத்தின் நடுவில் யாரோ கதவைத் திறந்து வைத்தது போல இருக்கிறது என்று பதிப்பகத்திலிருந்து குறிப்பு வந்தது. அந்த ஒலிநூலை என் வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து நான்தான் வாசித்திருந்தேன். கதவு சாத்தியே இருந்தது. ஹெட்ஃபோனை மாட்டி, சத்தத்தை நன்றாகக் கூட்டி, அந்த இடத்தை மறுபடி மறுபடி கேட்டேன். ஆறாவது தடவைதான் பிடிபட்டது. அத்தியாயத்தின் முதல் பாதியை இரவு பத்து மணிக்கு வாசித்திருந்தேன், மீதியை மறுநாள் பிற்பகலில். குரலில் மாற்றமே இல்லை. குரலுக்குப் பின்னால் இருந்த அமைதி மாறியிருந்தது. பகலில் பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்த மெல்லிய உறுமல், இரண்டு பாதிகளும் ஒட்டிய இடத்தில் சட்டென்று தொடங்கியது. கேட்டவருக்கு அது கதவு திறந்தது போலப் பட்டிருக்கிறது.

யாரும் பேசாதபோதும் ஓர் அறைக்கென்று ஓர் ஓசை உண்டு. தெருவின் தூரத்து இரைச்சல், ஃபிரிட்ஜின் முனகல், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, மைக்கின் மின்சுற்றிலிருந்து வரும் மெல்லிய சீறல் எல்லாம் கலந்தது அது. ஒலிப்பதிவுக்காரர்கள் இதை ரூம் டோன் என்கிறார்கள். அது ஒரே சீராக இருக்கும்வரை காது அதைக் கவனிப்பதில்லை. மாறும் கணத்தில்தான் கவனிக்கிறது.

நான் முதலில் செய்த வைத்தியம் தப்பானது. வாக்கியங்களுக்கு நடுவே இருந்த உறுமலைத் தேர்ந்தெடுத்து, அந்த இடங்களை முழு மௌனமாக்கினேன். இப்போது ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் உலகமே அணைந்து, அடுத்த சொல்லில் மறுபடி எரிந்தது. ஹெட்ஃபோனில் இதைப் பத்து நிமிடம்கூடக் கேட்க முடியாது. நீக்கிய இடத்தை மௌனத்தால் நிரப்பக் கூடாது, அதே அறையின் அமைதியால்தான் நிரப்ப வேண்டும். அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு முறை உட்காரும்போதும், வாசிக்கும் முன் முப்பது விநாடி வாயைத் திறக்காமல் வெறும் அறையைப் பதிவு செய்துகொள்கிறேன். மைக் இருக்கும் இடம், அதன் குமிழ் இருக்கும் அளவு, நான் உட்காரும் இடம் எல்லாம் வாசிக்கும்போது இருப்பது போலவே இருக்க வேண்டும். இருமலையோ நாற்காலிக் கிரீச்சையோ வெட்டியெடுத்த இடத்தில் இந்த அமைதியிலிருந்து ஒரு துண்டை வைத்து, இரண்டு ஓரங்களையும் இழைத்துவிட்டால் தையல் தெரியாது. நேற்றைய துண்டு இன்றைய பதிவுக்குப் பொருந்தாது. மழை பெய்த நாளின் அமைதி வேறு, பெய்யாத நாளினுடையது வேறு.

அமைதி சீராக இருந்தால் மட்டும் போதாது, போதிய அளவு தாழ்ந்தும் இருக்க வேண்டும். ஆடிபிளின் ஏசிஎக்ஸ் தளம் கேட்கும் அளவுகளைப் பலர் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். கணினி ஏற்கும் உச்ச ஒலியைச் சுழியம் என்று வைத்து, அதற்குக் கீழே எத்தனை டெசிபல் என்று கணக்கிடுவார்கள். குரலின் சராசரி -23-க்கும் -18-க்கும் இடையில் இருக்க வேண்டும், உச்சம் -3-ஐத் தாண்டக் கூடாது, பேசாத இடத்தின் இரைச்சல் -60-க்குக் கீழே இருக்க வேண்டும். Audacity மென்பொருளில் ACX Check என்ற செருகுநிரலைச் சேர்த்துக்கொண்டால் மூன்றையும் அளந்து சொல்லிவிடும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நானும் ஏமாந்தேன். என் முதல் பதிவில் இரைச்சல் -64 என்று காட்டியது. தேறிவிட்டோம் என்று நினைத்தேன். ஆனால் மைக்கிலிருந்து ஒன்றரை சாண் தள்ளி உட்கார்ந்து வாசித்ததால் குரலின் சராசரி -32-ல் கிடந்தது. அதை -20-க்குக் கொண்டுவர 12 டெசிபல் உயர்த்த வேண்டியிருந்தது. குரலை உயர்த்தினால் அதோடு இரைச்சலும் உயரும். -64 என்பது -52 ஆகிவிட்டது. பதிவு தேறவில்லை.

அப்படியானால் குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியைத்தான் கூட்ட வேண்டும். அதற்குக் காசில்லாத வழி, மைக்குக்குப் பாதித் தூரம் நெருங்குவது. தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும், அறையின் இரைச்சல் அப்படியே இருக்கும். முக்கால் சாணுக்கு வந்தேன். குரல் -26 ஆனது, இனி 6 டெசிபல் உயர்த்தினால் போதும். இரைச்சல் -58. இன்னும் இரண்டு டெசிபல் உதைத்தது. அடுத்த அறையில் ஓடிய ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். அந்த இரண்டும் போனதும் இரைச்சல் எளிதாக -60-ஐத் தாண்டிக் கீழே போனது. (ஃபிரிட்ஜைத் திரும்ப மாட்ட மறந்து போகாமலிருக்க வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுகிறேன்.) இதற்கு மேல் நெருங்கினால் குரலில் கனம் ஏறும், 'ப' வரும்போதெல்லாம் காற்று மைக்கை அறையும். முன்னால் ஒரு பாப் ஃபில்டரை வைத்து, மைக்கை வாய்க்கு நேரே இல்லாமல் சற்றே ஓரமாக நிறுத்துவது நல்லது.

சுவரில் போர்வை தொங்கவிட்டால் வெளிச்சத்தம் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. போர்வை அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் உறிஞ்சும். அதையும் எங்கே தொங்கவிடுவது என்பது முக்கியம். வீட்டில் வைத்துக்கொள்ளும் மைக்குகளில் பெரும்பாலானவை முன்பக்கத்தை நோக்கியே கேட்பவை. ஆகவே மைக் பார்த்துக்கொண்டிருப்பது என் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரை. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்கிறேன். மடித்த புடவைகளை மிஞ்சிய சாதனத்தை நான் இன்னும் காசு கொடுத்து வாங்கவில்லை.

இரைச்சலை மென்பொருளால் அழித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கொஞ்சம் அழிக்கலாம். அதிகம் அழித்தால் குரலின் ஓரங்கள் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் நெளியும். அந்தக் குறையை அப்புறம் எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது.

மூச்சுக்கு வருவோம். இத்தனை அமைதியான அறையில் மூச்சு பெரிதாகக் கேட்கும். மூக்கால் அவசரமாக இழுத்தால் விசில் போல வரும். வாயை அரைகுறையாகத் திறந்து இழுத்தால் சீறும். தொண்டையைத் தளர்த்தி, வாயை நன்றாகத் திறந்து, வயிறு விரியும்படி நிதானமாக இழுத்தால் கிட்டத்தட்ட சத்தமே இராது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், நீண்ட வாக்கியத்தில் மூச்சு தீர்ந்துபோவது மிக முக்கியமான சொல்லில்தான். குரல் அங்கே நைந்துவிடும். அதனால் முன்கூட்டியே படித்து, எங்கே மூச்சு வாங்குவது என்று பென்சிலால் சாய்கோடு போட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் அது எச்சத்துக்குப் பிறகு, ஒரு காட்சி முடியும் இடத்தில் விழும். காலியான பிறகு நிரப்பாமல், பாதி இருக்கும்போதே நிரப்பினால் இழுப்பு சிறிதாகவே இருக்கும்.

பதிவான மூச்சுகளை எல்லாம் நீக்கிவிடுவதும் தவறு. மூச்சே விடாமல் பேசும் குரலைக் கேட்டால், கேட்பவருக்குத்தான் மூச்சு முட்டும். உரக்கக் கேட்பவற்றை மட்டும் ஏழெட்டு டெசிபல் தாழ்த்துகிறேன். வசனத்துக்கு முன் பாத்திரம் இழுக்கும் மூச்சைத் தொடுவதே இல்லை.

ஏழாம் அத்தியாயத்தின் இரண்டாம் பாதியை ஓர் இரவு, பத்து மணிக்குப் பிறகு மறுபடி வாசித்தேன். தொடங்கும் முன் முதல் பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களை ஹெட்ஃபோனில் ஓடவிட்டு, அதன் வேகத்துக்கும் குரலின் உயரத்துக்கும் என்னைப் பொருத்திக்கொண்டேன். கடைசிச் சொல் முடிந்ததும் எழுந்துவிடக் கூடாது. அத்தியாயத்தின் இறுதியில் ஒன்று முதல் ஐந்து விநாடி வரை அறையின் அமைதி இருக்க வேண்டும். கைகளை மடியில் வைத்து, ஐந்து வரை எண்ணிவிட்டு நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். பிறகு ஃபேனைப் போட்டேன்.