வாசல் கணக்கு - 7: கவருக்குள் நாலு வரி

தீபாவளிக்கு வேலைக்கார அக்காவுக்குக் கொடுக்கும் கவருக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைப்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். ஆனால் அதில் 'இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்' என்று மட்டும் எழுதினால், அவருக்கு அதனால் பெரிய உபயோகம் இல்லை.

சென்னை அடுக்ககங்களில் பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளம் போனஸ், ஒரு புடவை, ஒரு ஸ்வீட் பாக்ஸ் என்பது வழக்கம். 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் சொன்ன குறைந்தபட்ச 8.33 சதவீதமும் வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஆனால் அது நிறுவனங்களுக்கான சட்டம். வீட்டு வேலைக்குப் பொருந்தாது. அக்காவுக்குக் கிடைப்பதெல்லாம் வழக்கத்தின் பேரில்தான். போன மாதம் அவர் 2,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தால், கவரைப் பிரித்ததும் 'இதில் கழித்துவிட்டார்களோ?' என்ற யோசனை வரும். பண்டிகை நேரத்தில் அதைக் கேட்க வாய் வராது. அதை நாமே எழுதிவிடலாம்.

இன்னொன்று கேட்டில் நடப்பது. பெரிய அடுக்ககங்கள் சிலவற்றில் வீட்டு வேலை முடித்துப் போகிறவர்களின் பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். (அது சரியா என்பது தனிச் சண்டை, இன்னொரு வாரம்.) உள்ளே மடிப்புக் கலையாத புடவை இருந்தால், 'யார் கொடுத்தது?' என்று கேள்வி வரும். இன்டர்காமை வீட்டில் யாரும் எடுக்காவிட்டால், நாலு பேர் பார்க்க அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

ஆகவே சீட்டு இப்படி இருக்கலாம்:

"அக்காவுக்கு தீபாவளி வாழ்த்துகள். போனஸ் 3,500 ரூபாய், ஒரு புடவை, ஒரு ஸ்வீட் பாக்ஸ் எங்கள் வீட்டிலிருந்து கொடுத்தது. அட்வான்ஸ் 2,000 இதில் கழிக்கவில்லை. பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தீபாவளிக்கும் மறுநாளும் லீவு. பி பிளாக், 304."

கீழே கையெழுத்து, கவர்மேல் அவர் பெயர். இதைப் பண்டிகைக்கு முந்தின நாள் கொடுத்தால் பாதிப் பலன் போய்விடும். அதற்குள் தையல்காரர் ஆர்டர் எடுப்பதை நிறுத்தியிருப்பார். ரவிக்கை இல்லாத புடவை தீபாவளிக்கு ஆகாது. இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும்.

வாட்ச்மேன் விஷயம் வேறு. இன்று பல கேட்டுகளில் ஏஜென்சி மூலம் வந்த பீகார், ஒடிசா, அசாம் ஆட்கள். தமிழ்ச் சீட்டு அவர்களுக்கு வெறும் கோடுதான். இந்தி தெரிந்தவர் என்றால், வீட்டில் இந்தி படிக்கும் பிள்ளையை இரண்டு வரி எழுதச் சொல்லலாம். பீகார்க்காரர் என்றால் சட் பூஜை வாழ்த்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். அது தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும். அவர் மனசு ஊருக்குப் போவது அன்றைக்குத்தான். புடவை, ஸ்வீட்டைவிடப் பணமே அவருக்குத் தோது. முன்கூட்டியே கிடைத்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்.

அசோசியேஷன் வசூலில் பணம் கட்டியிருந்தாலும் தனிக் கவர் தருபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பகல் ஆளை எல்லோரும் பார்க்கிறோம். கவர்களும் அவரிடமே சேரும். இரவுக்காரருக்கானதை ஒட்டி, பெயரோடு 'நைட் டியூட்டி' என்றும் எழுதி, ராத்திரி எட்டு மணிக்கு மேல் இறங்கிப் போய் அவர் கையிலேயே கொடுங்கள்.