நீல டிக் வந்தது, பதில் வரவில்லை

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பிவிட்டுப் போனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பவர் பெரும்பாலும் பதிலைத் தேடுவதில்லை. பதில் வந்தால் போனே சத்தம் போட்டுச் சொல்லிவிடும். அது அவருக்கும் தெரியும். டிக் நீலமாகிவிட்டதா, கடைசியாக எத்தனை மணிக்கு வந்து போயிருக்கிறார், இப்போது ஆன்லைனில் இருக்கிறாரா என்பவற்றைத்தான் அவர் பார்க்கிறார். இந்தத் தடயங்கள் சொல்வது மிகக் குறைவு. அவற்றை வைத்து மனம் கட்டும் கதைதான் பெரிது.

முதலில் அந்தத் தடயங்கள். ஒற்றைச் சாம்பல் டிக் வந்தால் செய்தி அனுப்பியவரின் போனைவிட்டுப் போய்விட்டது என்று பொருள். எதிராளியின் போனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அவர் போன் அணைந்திருக்கலாம், டேட்டா தீர்ந்திருக்கலாம், ரயிலில் சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கலாம். பிளாக் செய்தாலும் ஒற்றை டிக்தான் நிற்கும் என்பது உண்மை. ஆனால் ஒற்றை டிக்கை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய முடியாது. இரட்டைச் சாம்பல் டிக் என்றால் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நீல டிக் 2014 நவம்பரில் வந்தது. அந்த உரையாடல் எதிராளியின் திரையில் திறக்கப்பட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. பத்துப் பேருக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் விரல் பட்டுத் திறந்திருக்கலாம். அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்தே கிடந்திருக்கலாம். அம்மாவின் போனைப் பேரன் எடுத்துப் பார்த்திருக்கலாம். மாறாக, மேலே வந்து விழும் அறிவிப்பிலேயே முழுச் செய்தியையும் படித்துவிட்டவருக்கு டிக் சாம்பலாகவே இருக்கும். ‘ஆன்லைன்’ என்பதோ இன்னும் மெலிந்த தடயம். செயலி அவர் திரையில் திறந்திருக்கிறது, நெட் இருக்கிறது, அவ்வளவுதான். யாரிடம் பேசுகிறார், எதைப் பார்க்கிறார் என்பது அதில் கிடையாது.

எழுத்தில் குரல் இல்லாதது இன்னொரு சிக்கல். 2005இல் ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலிய உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். கேலியாகவும் நிஜமாகவும் சில வாக்கியங்களை மின்னஞ்சலிலும் குரலிலும் சொல்லவைத்து, கேட்பவருக்கு எது கேலி என்று புரிகிறதா என்று பார்த்தார்கள். எழுதியவர்கள் தங்கள் தொனி எழுத்திலும் தெளிவாகப் புரியும் என்று நம்பினார்கள்; படித்தவர்களுக்கோ குத்துமதிப்பாகச் சொல்வதைவிடச் சற்றே மேலாகத்தான் புரிந்தது. எழுதும்போது தன் குரல் தன் காதில் கேட்டுக்கொண்டே இருப்பதால், அது எதிராளிக்கும் கேட்கும் என்று தோன்றிவிடுகிறது. அனுப்பிய பிறகு நடப்பது இதற்கு நேர் எதிர். பதற்றத்தோடு தன் செய்தியைத் தானே நாலாவது முறை படிப்பவருக்கு, முதலில் சாதாரணமாக இருந்த வரியே கடுமையாகக் கேட்கத் தொடங்குகிறது.

ஒரு வீட்டு நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம். கல்யாணப் பந்தியில் எல்லார் முன்னிலையிலும் அண்ணியிடம் வெடுக்கென்று ஏதோ பேசிவிட்ட ஒரு பெண், வீடு திரும்பியதும் இரவு 9.40க்கு ஒரு செய்தி அனுப்புகிறாள்: “அண்ணி, இன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்காதீங்க.” 9.52க்கு டிக் நீலமாகிறது. பதில் இல்லை. 10 மணிக்குள் நாலைந்து தடவை பார்த்தாயிற்று. ‘அப்படி’ என்று எழுதியது மழுப்பலாகத் தெரியுமோ, மன்னிப்பு என்ற சொல்லே இல்லையே, ‘வச்சுக்காதீங்க’ என்பது கட்டளை போல இருக்கிறதோ என்று ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்க்கிறாள். 10.20க்கு அண்ணி ஆன்லைன் வந்து போகிறார். இப்போது சந்தேகம் உறுதியாகிவிட்டது: பார்த்துவிட்டு வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார். கணவனிடம் கேட்கிறாள், “அண்ணிக்குக் கோபம் இருக்கும்ல?” “அதெல்லாம் இருக்காது, தூங்கு” என்கிறான். ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு அதே கேள்வி. 11 மணிக்கு “கோபமா அண்ணி?” என்று இன்னொரு செய்தி. அனுப்பியதும் அது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டு அழித்துவிடுகிறாள். செய்தி நீக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும் அண்ணியின் திரையில் நின்றுவிடுகிறது. முதல் செய்தியைவிட அதுதான் அதிகக் கேள்வி எழுப்பும்.

இந்த ஒன்றரை மணி நேரத்தில் அவளுக்குப் புதிதாகத் தெரிந்தது ஒன்றுமில்லை. அண்ணி கோபத்தில் இருக்கலாம். கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டும் இருக்கலாம். காலையில் போன் போட்டுப் பேசிக்கொள்ளலாம் என்றும் நினைத்திருக்கலாம். இந்த மூன்றில் எது என்பதை எத்தனை முறை பார்த்தாலும் டிக் சொல்லாது. விடை கிடைக்காத கேள்வியை மனம் இப்படிச் சுற்றிச் சுற்றி அசைபோடுவதைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா நெடுங்காலம் ஆராய்ந்தார். தீர்வுக்காகத்தான் யோசிக்கிறோம் என்று அசைபோடுபவர்கள் நம்பினாலும், அந்த யோசனை அவர்களைத் தீர்வுக்குக் கொண்டுபோவதில்லை, மனச்சோர்வையே நீட்டிக்கிறது என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு.

பலன் இல்லை என்று தெரிந்தும் கை ஏன் போனுக்குப் போகிறது? இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. பதில் எப்போது வரும் என்று தெரியாததால், பார்க்கும் பல தடவைகளில் ஏதோ ஒரு தடவை பதில் இருக்கும். எப்போதாவது மட்டும் பலன் தரும் செயல், ஒவ்வொரு முறையும் பலன் தரும் செயலைவிட ஆழமாகப் பழக்கமாகும் என்பதை பி.எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டின. இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. போனை எடுக்கும் முன் பதற்றம் ஏறுகிறது. பார்த்ததும், பதில் இல்லாவிட்டாலும்கூட, ஒரு கணம் இறங்குகிறது. அந்தச் சிறு இறக்கமே பரிசாகி, அடுத்த முறை பதற்றம் வந்ததும் கையைத் தானாகப் போனுக்கு அனுப்புகிறது. கணவனிடம் கேட்டுக்கேட்டு உறுதி வாங்கிக்கொள்வதும் இதே வகைதான். போனைத் தொடாமல் விட்டாலும் பதற்றம் தானே தணியும் என்பதைக் கண்டுகொள்ள மனத்துக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

ஆகவே வரம்பு வைப்பது என்றால், பார்க்கும் தேவையை முதலில் எடுத்துவிட வேண்டும், பிறகு பார்க்கும் பழக்கத்தை. தேவையை எடுப்பது எளிது. எதிர்பார்க்கும் அந்த ஒருவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் தனி அறிவிப்பு ஒலி வைக்கலாம். அந்த ஒலி கேட்காத வரை பதில் வரவில்லை. போய்ப் பார்க்க ஒன்றுமில்லை. தடயங்களையும் அணைத்துவிடலாம். Settings-இல் Privacy-க்குள் Read receipts என்பதை அணைத்தால், தான் படித்தது மற்றவருக்குத் தெரியாது. மற்றவர் படித்ததும் தனக்குத் தெரியாது. Last seen விஷயத்திலும் இதே கொடுக்கல் வாங்கல்தான்: தன்னுடையதை மறைத்தவர் மற்றவருடையதைப் பார்க்க முடியாது. பலர் தன்னை மறைத்துக்கொள்ள இந்த வசதியைப் பயன்படுத்துகிறார்கள். டிக்குகளைப் பார்த்துப் பதறுபவருக்கோ தன் கண்ணுக்கே திரை போட்டுக்கொள்வதுதான் இதன் நல்ல பயன். குழுக்களில் மட்டும் Read receipts அணைந்திருந்தாலும் படித்த விவரம் தெரியும்.

பழக்கத்தைக் குறைக்க, ‘இனி பார்க்கவே மாட்டேன்’ என்ற சபதம் உதவாது; அது அரை மணி நேரம் தாங்கினால் பெரிது. பார்க்கும் நேரத்தை அனுப்பும் முன்பே முடிவு செய்வது நடைமுறைக்கு ஒத்துவரும். பார்க்க வேண்டும் என்ற உந்துதல் வந்தால் அதை மறுக்காமல் பத்து நிமிடம் தள்ளிப்போடலாம். அந்தப் பத்து நிமிடத்தில் உந்துதல் ஏறி, உச்சிக்குப் போய், பெரும்பாலும் தானே தணியும். அது சுலபமானதும் அரை மணி, பிறகு ஒரு மணி என்று இடைவெளியை நீட்டலாம். முதல் சில நாட்கள் பதற்றம் கூடுவது போலத்தான் இருக்கும்; முறை பலிக்கவில்லை என்று அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். 2015இல் கோஸ்டாடின் குஷ்லெவும் எலிசபெத் டன்னும் நடத்திய ஆய்வில், மின்னஞ்சலை ஒரு நாளில் மூன்று முறை மட்டும் பார்த்த வாரத்தில் பங்கேற்றவர்களுக்கு மன அழுத்தம் குறைந்திருந்தது. ஆனால் அந்த வரம்பைக் கடைப்பிடிப்பதே பலருக்குச் சிரமமாக இருந்தது.

இரவில் அனுப்பும் செய்திக்குத் தனி ஏற்பாடு தேவை. அனுப்பியதும் போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு, எழுப்புவதற்குப் பழைய அலாரம் கடிகாரத்தை வைத்துக்கொள்ளலாம். அதைவிட நல்லது, மனத்தாங்கல் பற்றிய செய்தியை இரவு ஒன்பதரைக்கு அனுப்பாமலிருப்பது. பந்தியில் பேசிய வார்த்தைக்கு மறுநாள் காலை போன் போட்டு, “அண்ணி, நேத்து தப்பா பேசிட்டேன்” என்று சொன்னால் குரலும் சேர்ந்து போகும், டிக்கைப் பார்க்கும் வேலையும் இல்லை. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், காத்திருப்பின் அளவைச் செய்தியிலேயே சொல்லிவிடலாம்: “உடனே பதில் போடணும்னு இல்ல, நாளைக்குப் பேசுவோம்.” இந்த ஒரு வரி இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. அவசரமில்லாத அலுவலக மின்னஞ்சல்களுக்கு அனுப்பியவர் எதிர்பார்ப்பதைவிட வேகமாகப் பதில் வேண்டும் என்று பெறுபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள் என்று 2021இல் லாரா ஜியுர்ஜும் வனெசா போன்ஸும் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அவசரமில்லை என்று அனுப்பியவரே எழுதிவிடும்போது இந்தத் தவறான எண்ணம் குறைந்தது.

பதிலே வராவிட்டால்? அவசரக் காரியம் என்றால் செய்திக்குக் காத்திருக்கக் கூடாது, அழைத்துவிட வேண்டும். மற்றவற்றுக்கு ஓரிரு நாள் விட்டு ஒரே ஒரு நினைவூட்டல் போதும். அதில் ‘ஏன் பதில் இல்லை’ என்று கேட்காமல், காரியத்தை மட்டும் சொல்லலாம்: “ஞாயிற்றுக்கிழமை வர்றீங்களான்னு வெள்ளிக்குள்ள சொன்னா சமைக்க வசதியா இருக்கும்.” அதற்கும் பதில் இல்லையென்றால் அதுவே ஒரு தகவல்தான். ஒருவர் ஒருமுறை தாமதிப்பது வேறு. சண்டை வரும்போதெல்லாம் நாட்கணக்கில் பேசாமலிருந்து தண்டிப்பது வேறு. இரண்டாவது வகையில் கோளாறு காத்திருப்பவரின் போன் பழக்கத்தில் இல்லை, அதற்கு நேரம் குறித்துப் போனைப் பார்ப்பது தீர்வும் ஆகாது. உறவைப் பற்றி நேரில்தான் பேச வேண்டும்.

இந்த வரம்புகள் சாதாரணப் பதற்றத்துக்கு உரியவை. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, வேலையில் கவனம் நிற்காமல், அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும் பலமுறை படித்துச் சரிபார்க்காமல் இருக்கவே முடியவில்லை என்ற நிலை வந்தால், அது பதற்ற நோயாகவோ எண்ணச் சுழற்சி நோயாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. சரிபார்க்கும் உந்துதலுக்கு இணங்காமல் இருக்கப் படிப்படியாகப் பயிற்றுவிக்கும் முறை அதில் முக்கியமானது. மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ நேரில் போகத் தயங்குபவர்கள் மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416ஐ எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.