மருந்து இல்லாத மூச்சிரைப்பு

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிறது பனவடலிசத்திரம். அங்கே மழைக்காலத்தில் வீட்டுக்கு ஒருவருக்காவது மூக்கு ஒழுகும். அப்பாவுக்கு இரண்டு நாள் தும்மல் வரும், போகும். பள்ளிக்கூடம் போகும் அக்காவுக்கு ஒரு வாரம் இருமல் இருக்கும். அதே வீட்டில் இரண்டு மாதக் கைக்குழந்தை மட்டும் பால் குடிக்க முடியாமல், விலா எலும்புக்கு நடுவே பள்ளம் விழ மூச்சு வாங்குகிறது. மூன்று பேருக்கும் வந்தது ஒரே கிருமியாக இருக்கலாம். ஆளுக்கு ஆள் அது இப்படி மாறி நடந்துகொள்வதற்குக் காரணம் கிருமியில் இல்லை. அது போய் உட்காரும் குழாயின் அளவில் இருக்கிறது.

அந்தக் கிருமியின் முழுப்பெயர் ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ், சுருக்கமாக ஆர்.எஸ்.வி. 1956-இல் அமெரிக்காவில், சளி பிடித்த சிம்பன்சிக் குரங்குகளிடம் முதலில் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே குழந்தைகளிடமும் அது அகப்பட்டது. இரண்டு வயது முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருமுறையாவது வந்துவிடுகிறது. ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பதும் கிடையாது. பெரியவர்களுக்கும் திரும்பத் திரும்ப வரும். அவர்களில் பெரும்பாலோருக்கு அது வெறும் சளி.

நுரையீரலுக்குள் காற்று போகும் குழாய் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் மிக நுண்ணிய குழல்களாகிறது. ஆர்.எஸ்.வி. விரும்பிப் பிடிப்பது அந்த நுண்குழல்களின் உள்சுவர்ச் செல்களை. அங்கே சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் மெல்லிய மயிரிழைகள் உண்டு. கிருமி தாக்கியதும் அந்தச் செல்கள் இறந்து உதிர்கின்றன. சுவர் வீங்குகிறது. உதிர்ந்த செல்லும் சளியும் சேர்ந்து குழலுக்குள் அடைப்பாக நிற்கின்றன. தள்ளி வெளியேற்ற மயிரிழையும் இல்லை. மருத்துவர்கள் பிராங்கியோலைட்டிஸ் என்று எழுதும் நுண்குழல் அழற்சி இதுதான்.

இங்கே ஒரு கணக்கு வருகிறது. குழாயின் ஆரம் பாதியானால் அதில் காற்றுக்கு உண்டாகும் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. 4 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு பெரியவரின் குழாயில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீக்கம் வந்தால் தடை மூன்று மடங்கைச் சற்றே தாண்டும். அவர் இருமிக்கொண்டே வேலைக்குப் போய்விடுவார். 2 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழந்தையின் குழாயில் அதே வீக்கம் வந்தால் 16 மடங்கு. நுண்குழல்கள் இதைவிடவும் குறுகியவை என்பதால் அங்கே நிலைமை இன்னும் மோசம்.

குழந்தையின் உடல் அமைப்பும் அதற்கு உதவுவதில்லை. பெரியவர்களின் நுரையீரலில் ஒரு குழல் அடைத்தால், பக்கத்து அறையிலிருந்து காற்று கசிந்து வரச் சிறு துளைகள் இருக்கும். கைக்குழந்தைக்கு அவை இன்னும் சரியாக உருவாகவில்லை. நெஞ்சுக்கூடு குருத்தெலும்பாக வளைந்துகொடுப்பதால், உதரவிதானம் பலமாக இழுக்கும்போது காற்று உள்ளே வருவதற்குப் பதிலாக நெஞ்சே உள்ளே குழிகிறது. நாம் பார்க்கும் பள்ளம் அதுதான். மூச்சை இழுக்கும்போது சற்று விரியும் குழல்கள் விடும்போது மூடிக்கொள்வதால், போன காற்று திரும்பி வராமல் நெஞ்சு உப்பி நிற்கும். மூக்கு வழியாகவே சுவாசிக்கப் பழகிய வயது என்பதால், மூக்கடைப்பு ஒன்றே பாதி மூச்சைப் பறித்துவிடுகிறது.

தாயிடமிருந்து வரும் எதிர்ப்புப் புரதங்கள் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தைக்குச் சேர்கின்றன. 32 வாரத்தில் பிறந்த குழந்தை அந்தப் பங்கில் பெரும்பகுதியை வாங்காமலேயே வந்துவிடுகிறது. பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கும் ஆபத்து கூடுதல். ஆனாலும் மருத்துவமனையில் சேரும் குழந்தைகளில் பெரும்பாலோர் மாதம் நிறைந்து, எந்தக் குறையும் இல்லாமல் பிறந்தவர்களே. 2019-இல் உலகம் முழுக்க ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் ஒரு லட்சம் குழந்தைகள் இக்கிருமியால் இறந்தனர் என்று 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்கள்.

இனி சிகிச்சை. பத்து வாரம் ஆன, 5 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு நாள் மூக்கு ஒழுகல், லேசான காய்ச்சல். மூன்றாம் நாள் இருமல் தொடங்குகிறது. பால் குடிக்க வாய் வைத்து, மூன்று நிமிடத்தில் விட்டுவிட்டு அழுகிறது. நான்காம் நாள் காலையிலிருந்து ஒரே ஒருமுறைதான் துணி நனைந்திருக்கிறது. தூங்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணினால் 66 மூச்சு. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 60-உம், அதற்கு மேல் ஒரு வயதுக்குள் 50-உம் எல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இந்தக் குழந்தைக்கு வீட்டு வைத்தியம் பார்க்கும் நேரம் கடந்துவிட்டது.

சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையானாலும், பாளையங்கோட்டையில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும், முதலில் விரலிலோ பாதத்திலோ ஆக்சிஜன் அளவுமானி மாட்டுவார்கள். 87 என்று காட்டுகிறது என்று கொள்வோம். பொதுவாக 90-க்குக் கீழே இருந்தால் ஆக்சிஜன் தேவை. ஆறு வாரத்துக்குக் குறைந்தவர்களுக்கு அந்த எல்லையை 92 என்று பிரிட்டன் வழிகாட்டி வைத்திருக்கிறது. மூக்கில் மெல்லிய குழாய் வைத்து நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு லிட்டர் ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். மூக்கில் உப்பு நீர்ச் சொட்டு விட்டு மேலோட்டமாகச் சளியை உறிஞ்சி எடுக்கிறார்கள். ஆழமாகக் குழாய் விட்டு உறிஞ்சுவது வீக்கத்தைக் கூட்டும் என்பதால் வழக்கமாகச் செய்வதில்லை.

அடுத்தது பால். நிமிடத்துக்கு 66 மூச்சு விடும் குழந்தைக்கு உறிஞ்சவும் விழுங்கவும் இடைவெளி கிடைக்காது. புரை ஏறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. அதனால் மூக்கு வழியாக வயிற்றுக்குச் சிறு குழாய் போட்டு, தாயின் பாலையே பிழிந்து கொடுப்பார்கள். ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லி என்று எடுத்தால் இந்தக் குழந்தைக்கு 500 மில்லி. இரண்டு மணிக்கு ஒருமுறை 40 மில்லி அளவில் போகும். அது முடியாதபோது நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவார்கள். இங்கே அளவு மீறினால் சிக்கல்: நோயுற்ற குழந்தையின் உடல் நீரைத் தேக்கிவைத்து, இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும்.

அவ்வளவுதானா, ஊசி இல்லையா, ஆவி வைக்கவில்லையா என்று உறவினர்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆனால் விடை இல்லை என்பதே. ஆஸ்துமாவுக்கு வைக்கும் சால்பூட்டமால் ஆவி, இறுகிய தசையைத் தளர்த்துவது. இங்கே அடைத்திருப்பது முக்கியமாகத் தசையல்ல. வீக்கமும் உதிர்ந்த செல்லும். ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தும் மருத்துவமனை நாட்கள் குறையவில்லை. கிருமி வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது. தேவையில்லாமல் எடுக்கும் எக்ஸ்ரேயில் ஒரு தொல்லை உண்டு. சளி அடைத்துச் சுருங்கிய நுரையீரல் பகுதி பார்ப்பதற்கு நிமோனியா போலவே தெரியும்; அதைப் பார்த்து ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2014 வழிகாட்டி இவற்றையெல்லாம் வழக்கமாகத் தரவேண்டாம் என்கிறது. செல்கள் மூன்று நான்கு நாளில் மீண்டும் முளைக்கத் தொடங்கும். அதுவரை குழந்தைக்குக் காற்றும் நீரும் குறையாமல் பார்த்துக்கொள்வதே சிகிச்சை.

நான்காம், ஐந்தாம் நாட்கள்தான் உச்சம். ஆக்சிஜன் கொடுத்தும் குழந்தை களைத்துப்போனால் சூடாக்கி ஈரமாக்கிய காற்றை வேகமாக மூக்கில் செலுத்துவார்கள். கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் என்பதால் இந்தக் குழந்தைக்கு 10 லிட்டர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,472 குழந்தைகளிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 23 சதவீதத்தினருக்கு அடுத்தகட்ட சிகிச்சை தேவைப்பட்டது. வேகக்காற்றுப் பெற்றவர்களில் 12 சதவீதத்தினருக்கு. ஆனால் மருத்துவமனை நாட்கள் குறையவில்லை. எனவே எல்லாருக்கும் முதலிலேயே அதை மாட்டுவதில் பொருளில்லை. அதற்கும் அடங்காதபோது, தண்ணீரில் குமிழிவிட்டு அழுத்தம் தரும் எளிய கருவி இருக்கிறது. டாக்காவில் மொஹம்மது ஜோபாயர் சிஷ்டி குழுவினர் ஷாம்பூ பாட்டிலை வைத்தே அதைச் செய்தனர். கடும் நிமோனியா வந்த குழந்தைகளில் இறப்பு குறைந்ததாக 2015-இல் காட்டினர். வசதி குறைந்த ஊர்களுக்கு இது பெரிய செய்தி என்பது என் எண்ணம்.

பயப்படவேண்டிய அறிகுறி இரைச்சல் அல்ல. இரைச்சல் அடங்கி, குழந்தை அசையாமல் சோர்ந்து கிடப்பதும், மூச்சு சில நொடி நிற்பதும், உதடு நீலம் பாய்வதும்தான். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு இருமலே இல்லாமல் மூச்சு நிற்பது முதல் அடையாளமாக வரலாம். அப்போது பேருந்துக்குக் காத்திராமல் 108-ஐ அழைக்கவேண்டும். மறுபக்கம், வீட்டுக்கு வந்தபின் இருமல் இரண்டு வாரம் நீடித்தால் அது இயல்பு. மயிரிழைகள் மீண்டும் வளர ஏறக்குறைய அவ்வளவு காலமாகிறது.

நம் பக்கத்துப் பழக்கங்களில் சிலவற்றை விட்டுவிடவேண்டும். குளிப்பாட்டியபின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதால் எண்ணெய் நுரையீரலில் தங்கி வேறொரு நிமோனியாவே வரலாம். கற்பூரம் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைப் பூசுவது வலிப்பை உண்டாக்கலாம். சாம்பிராணிப் புகையும் பீடிப் புகையும் ஏற்கெனவே வீங்கிய குழலை மேலும் எரிச்சலூட்டும். இருமல் சிரப் கூடவே கூடாது; இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அதை எழுதித் தரக்கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையும் அறிவுறுத்தியது.

கிருமி எப்படி வருகிறது என்பதை அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கரோலின் ஹால் சோதித்துக் காட்டினார். நோயுற்ற குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சிய தன்னார்வலர்கள் 7 பேரில் 5 பேருக்குத் தொற்றியது. குழந்தை படுத்திருந்த இடத்தைத் தொட்டுவிட்டுத் தங்கள் மூக்கையும் கண்ணையும் தொட்ட 10 பேரில் 4 பேருக்குத் தொற்றியது. சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த 14 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. குழந்தை பார்க்க வரும் உறவினர் கை கழுவவேண்டும், மூக்கு ஒழுகினால் தூக்காமல் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

தடுப்பூசி வர இவ்வளவு காலம் ஆனதற்கும் ஒரு கதை உண்டு. 1966-இல் சோதித்த முதல் தடுப்பூசி நோயைத் தடுப்பதற்குப் பதிலாகக் கடுமையாக்கியது; இரண்டு குழந்தைகள் இறந்தன. அதன்பின் பல பத்தாண்டுகள் இம்முயற்சி தயங்கியே நடந்தது. இப்போது இரண்டு வழிகள் வந்திருக்கின்றன. ஒன்று கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்க்குப் போடும் தடுப்பூசி. மற்றது குழந்தைக்கே ஒரே ஊசியாகப் போடும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்புப் புரதம். இவற்றில் ஒன்றைத் தொடங்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2025 மே மாதத்தில் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. நிர்செவிமாப்பின் காப்பு சுமார் ஐந்து மாதம் இருக்கும் என்பதால், நோய்க்காலம் தொடங்கும் முன் போடவேண்டும். வட இந்தியாவில் அது குளிர்காலம். தமிழ்நாட்டில் மழை மாதங்களோடு ஒட்டி, அவ்வளவு தெளிவான எல்லையில்லாமல் வருகிறது. இங்கே ஊசி போடும் மாதத்தை டெல்லியைப் பார்த்துக் குறிக்க முடியாது.