கீழாநெல்லியை ஏஐ சரியாக வரைய

படம் வரையும் ஏஐயிடம் ‘கீழாநெல்லி, பழைய தாவரவியல் ஓவியம்’ என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் அழகான ஏதோ ஒரு செடிதான் வரும். பெயரைவிட உருவத்தைச் சொல்வதே பலன் தரும். ‘Phyllanthus amarus’ என்று எழுதிவிட்டு, உறுப்பு உறுப்பாக விவரிக்க வேண்டும்.

கடினமானது இலைதான். பக்கக் கிளை ஒவ்வொன்றும் புளிய இலையைப் போன்ற கூட்டிலையாகத் தோன்றும். உண்மையில் அவை மெல்லிய கிளையில் மாறி மாறி அமைந்த தனி இலைகள். ஆகவே ‘சென்டிமீட்டருக்கு மேற்படாத நீள்வட்ட இலைகள், நுனி மழுங்கியவை, எதிரெதிராக அல்ல, மாறி மாறி’ என்று எழுதுங்கள். பூவும் காயும் இலைக்கோணத்தில் தோன்றிக் கிளையின் கீழ்ப்புறம் தொங்கும். ‘கிளையைத் திருப்பி அடிப்புறம் காட்டு’ என்று கேட்காவிட்டால் அவை மேலே ஏறிவிடக்கூடும். பூவுக்கு வெளிர்பச்சை கலந்த வெள்ளை, 5 இதழ்கள். காய்க்கு 2 மில்லிமீட்டர் அளவு, 3 பிரிவு, காம்பு உண்டு. வேருக்கு ‘மெல்லிய ஆணிவேர், பக்க வேர்கள், கிழங்கு இல்லை’ என்பது போதும்.

வந்த படத்தில் காய் காம்பின்றி ஒட்டி, சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லியின் சாயல். அதை ஏற்காதீர்கள். உண்மைச் செடியை லென்ஸில் பார்த்து ஒப்பிட்ட பிறகே படத்தை அச்சுக்குக் கொடுங்கள். மூலிகை பறிக்க அதை வழிகாட்டியாக வைக்கவே கூடாது.